சிவரஞ்சனியின் காந்தாரம்: மைனர் ஒலியும் கற்றுக்கொண்ட சோகமும்

கேள்வி

ஒரு ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வெள்ளைக் கட்டையை ஷட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ச, ரி, க, ப, த என்று வாசித்தால் மோகனம் ஒலிக்கும். இப்போது காந்தாரத்தை மட்டும் அதற்கு முந்தைய கறுப்புக் கட்டைக்கு இறக்க வேண்டும். மற்ற நான்கு சுரங்களையும் தொடத் தேவையில்லை. மோகனம் மறைந்து சிவரஞ்சனி வந்துவிடும். தமிழ்த் திரைப்படம் பார்த்து வளர்ந்த எவரிடமும் இந்த இரண்டையும் மெதுவாக வாசித்துக் காட்டி எது சோகம் என்று கேட்டால் பெரும்பாலும் சிவரஞ்சனியைத்தான் காட்டுவார். அரை சுர அளவுக்கு ஒரே ஒரு சுரம் இறங்கியதில் மகிழ்ச்சி எப்படித் துயரமாக மாறுகிறது?

மேற்கத்திய இசையில் இது மேஜர், மைனர் பற்றிய கேள்வி. அங்கு மேஜர் சுரவரிசையின் மூன்றாம் சுரம் நம் அந்தர காந்தாரம். மைனரின் மூன்றாம் சுரம் சாதாரண காந்தாரம். மேஜர் மகிழ்ச்சி தரும், மைனர் துயரம் தரும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பழையது. இத்தாலியரான சார்லினோ 1558-இல் வெளியிட்ட இசை இலக்கண நூலிலேயே பெரிய மூன்றாம் சுரத்தை உவகையோடும் சிறிய மூன்றாம் சுரத்தை வாட்டத்தோடும் சேர்த்துப் பேசுகிறார். 1935-இல் அமெரிக்க உளவியலாளர் கேட் ஹெவ்னர் இதைச் சோதனையாக்கினார். ஒரே இசைத்துணுக்கை மேஜரிலும் மைனரிலும் வாசிக்கச் செய்து, பொருந்தும் உணர்ச்சிச் சொற்களைக் குறிக்கும்படி கேட்டார். கேட்டவர்கள் எதிர்பார்த்தபடியே பிரித்தார்கள். மேற்கத்தியக் காதுக்கு இந்தப் பிரிவினை மெய்யானது என்பதில் ஐயமில்லை.

ஐயம் அதற்கு அடுத்த படியில்தான் எழுகிறது. அந்தச் சோகம் சுரத்தின் ஒலியிலேயே இருக்கிறதா? மனிதக் குரலின் இயல்பிலிருந்து வருகிறதா? அல்லது பிறந்தது முதல் கேட்டுக் கேட்டுப் பழகியதா? இந்தக் கேள்வியை இதுவரை பெரும்பாலும் மேற்கத்திய இசையை வைத்தே கேட்டிருக்கிறார்கள். தமிழ் இசையை வைத்துக் கேட்டால் விடை வேறு பக்கம் சாய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒலியியல் சொல்வது

முதலில் ஒலியின் கணக்கு. ஷட்ஜம் ஒரு நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், இயற்கையான அந்தர காந்தாரம் அதன் நான்கில் ஐந்து பங்கான 300 அதிர்வில் நிற்கும். சாதாரண காந்தாரம் ஐந்தில் ஆறு பங்கான 288 அதிர்வில் நிற்கும். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டே அதிர்வு.

தம்புராவை மீட்டிக் காதை அருகில் வைத்துக் கேட்பவர்களுக்கு ஒன்று தெரியும். ச, ப என்ற இரண்டு சுரங்களுக்கே தந்திகளைச் சுருதி கூட்டியிருந்தாலும் உள்ளிருந்து ஒரு காந்தாரம் தானாக எழும். அதைச் சுயம்பு காந்தாரம் என்று வித்துவான்கள் சொல்வார்கள். ஷட்ஜத் தந்தி அதிரும்போது அதன் மடங்குகளும் சேர்ந்தே அதிர்கின்றன. ஐந்தாவது மடங்கு 1,200 அதிர்வு. இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 300. அதாவது அந்தர காந்தாரம். ஆகவே அந்தர காந்தாரம் ஷட்ஜத்தின் வயிற்றிலேயே இருக்கிறது. சாதாரண காந்தாரமோ அதோடு சற்று உரசுகிறது. மைனரின் துயரத்துக்குக் காரணம் இந்த உரசல்தான் என்பது ஒலியியல் சார்ந்த பழைய விளக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், மேஜர் கூட்டொலியைவிட மைனர் கூட்டொலி ஏன் கலங்கலாக ஒலிக்கிறது என்பதை இந்த வகையில்தான் விளக்கினார்.

இந்த விளக்கம் உண்மையானால், ஓயாமல் ஒலிக்கும் தம்புராவின் மேல் பாடப்படும் நம் இசையில்தான் உரசல் மிக வெளிப்படையாகத் தெரிய வேண்டும். சாதாரண காந்தாரம் கொண்ட எல்லா ராகமும் நம் காதுக்குத் துயரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. கரகரப்பிரியா, சுத்த தன்யாசி, ஆபேரி, இந்தோளம் எல்லாவற்றிலும் அந்தக் காந்தாரம்தான். கச்சேரியில் சுத்த தன்யாசியைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. துள்ளலான ராகம் என்றே சொல்வார்கள். எதிர்ப்புறமும் பார்க்க வேண்டும். கருணை ரசத்துக்குப் பெயர்பெற்ற சகானாவிலும் நாதநாமக்கிரியாவிலும் இருப்பது அந்தர காந்தாரம். மேற்கத்தியக் கணக்கில் அது மேஜரின் காந்தாரம். ஒலியின் உரசல் ஒரு நிறத்தைத் தரலாம். அந்த நிறத்துக்குச் சோகம் என்று பெயர் வைப்பது ஒலி அன்று.

குரல் சொல்வது

இதைவிட வலுவான விளக்கம் குரலிலிருந்து வருகிறது. துயரத்தில் இருப்பவரின் பேச்சு மெதுவாகும், தாழும், ஏற்ற இறக்கம் சுருங்கும். உற்சாகத்தில் இருப்பவரின் குரல் ஏறும், தாவும். இசை இதைப் போலச் செய்கிறது என்றால், சிறிய இடைவெளிகள் கொண்ட சுரவரிசை துயரத்தைச் சுட்டுவது இயல்புதானே? 2010-இல் மேகன் கர்ட்டிஸும் ஜம்ஷெட் பரூச்சாவும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க நடிகர்களை ஈரசைச் சொற்களைப் பல உணர்ச்சிகளில் பேசவைத்துக் குரலை அளந்தார்கள். சோகமாகச் சொன்னபோது முதல் அசையிலிருந்து இரண்டாம் அசைக்குக் குரல் இறங்கிய தூரம் ஏறக்குறைய மைனரின் மூன்றாம் சுர இடைவெளியாகவே இருந்தது.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2012-இல் வந்தது. டேனியல் பவுலிங், ஜனனி சுந்தரராஜன், ஹான், டேல் பர்வஸ் ஆகியோர் மேற்கத்திய இசையையும் கர்நாடக இசையையும், கூடவே ஆங்கிலப் பேச்சையும் தமிழ்ப் பேச்சையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். உற்சாகமான, இன்பமான உணர்ச்சிகளுக்கு உரியவை எனப்படும் ராகங்களின் சுர இடைவெளிகள் மேஜரின் போக்கையும், அடங்கிய, துன்பமான உணர்ச்சிகளுக்கு உரியவை எனப்படும் ராகங்களின் இடைவெளிகள் மைனரின் போக்கையும் பெரிதும் ஒத்திருப்பதாகக் கண்டார்கள். இரு மொழிகளின் பேச்சிலும் அதே போக்கு தெரிந்தது. ஆகவே இந்த உறவு மனிதக் குரலின் பொது இயல்பிலிருந்து வருவது என்பது அவர்கள் முடிவு.

இதை எளிதில் ஒதுக்க முடியாது. தமிழ்ப் பேச்சையே அளந்து சொல்லப்பட்ட முடிவு இது. ஆனாலும் மூன்று இடங்களில் அது பலவீனமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்று, இந்த ராகம் இன்பத்துக்கு, அந்த ராகம் துன்பத்துக்கு என்ற பிரிப்பு எங்கிருந்து வருகிறது? இசைப் பயிற்சியும் மரபும் தந்த சொல்லிலிருந்து. இன்று கர்நாடக இசை கற்கும் எவரும் திரைப்பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் மேற்கத்தியக் கூட்டொலிக்கும் இடையில்தான் வளர்கிறார். கற்ற உறவைத் தரவாக எடுத்துக்கொண்டு, அந்த உறவு இயற்கையானதா என்று அதே தரவிடம் கேட்க முடியாது.

இரண்டு, அடங்கிய உணர்ச்சி என்ற ஒரே பெட்டிக்குள் துயரமும் அமைதியும் ஏக்கமும் பக்திக் கசிவும் போய்விடுகின்றன. பேச்சின் குரலை அளந்தால் எல்லாம் தாழ்ந்து மெலிந்தே தெரியும். தாலாட்டுப் பாடும் தாயின் குரலும் அழுது ஓய்ந்தவளின் குரலும் வரைபடத்தில் ஒரே மாதிரி விழலாம். அதை வைத்துச் சோகத்தின் இலக்கணத்தைச் சொல்வது கடினம்.

மூன்றாவது, நம் இசைக்கே உரியது. சாதாரண காந்தாரம் என்று எழுதுகிறோமே தவிர, அது எல்லா ராகத்திலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரகரப்பிரியாவில் அந்தக் காந்தாரம் கமகத்தோடு ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும். தோடியில் இன்னொரு வகையாக அசையும். சிவரஞ்சனியிலோ பெரும்பாலும் அசைக்காமல் நீட்டிப் பிடிக்கிறார்கள். நமக்குச் சோகமாகப் படுவது இப்படி அசையாமல் நிற்கும் காந்தாரம். அசையும் காந்தாரத்தை நம் காது வேறாகவே எடுத்துக்கொள்கிறது. சுரங்களைப் புள்ளிகளாக எண்ணும் எந்தக் கணக்கிலும் இந்த வேறுபாடு விழாது.

முகாரியும் ஆனந்தபைரவியும்

இனி தமிழ்ச் சான்றுகளுக்கு வருவோம். நம் பேச்சில் புலம்புபவனைப் பார்த்து "முகாரி பாடாதே" என்கிறோம். ஒரு ராகத்தின் பெயரே அழுகைக்கு மறுபெயராகியிருக்கிறது. இன்றைய முகாரி கரகரப்பிரியாவின் ஜன்யம். சாதாரண காந்தாரம் உடையது. மைனர் என்றால் சோகம் என்பதற்கு நம்மிடமே இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் முகாரியின் வரலாறு வேறு கதை சொல்கிறது. இராமாமாத்தியர் 1550-இல் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் முகாரிதான் முதல் மேளம். எல்லாமே சுத்த சுரங்கள். அதாவது அங்கு சாதாரண காந்தாரம் இல்லை. ரிஷபத்தை ஒட்டிய சுத்த காந்தாரமே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகியும் முகாரியை அவ்வாறே முதலில் வைக்கிறார். பெயர் நிலைத்தது, அதன் கீழிருந்த சுரவரிசை மாறிவிட்டது. முகாரியோடு ஒட்டியிருக்கும் துயரம் இன்றைய காந்தாரத்திலிருந்து பிறந்ததா, பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்ததா என்பது திறந்த கேள்வி. அதோடு, தியாகராஜர் சபரியின் பேற்றை வியந்து பாடிய கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. இராமனே கனியை உண்ட பாக்கியத்தை எப்படி வருணிப்பேன் என்ற பூரிப்பு அதன் பொருள். முகாரி சோக ராகம் என்று கேட்டு வளர்ந்த ஒருவர், முதன்முறை அதன் பொருளை அறிந்து கேட்கும்போது இராகம் அந்த வியப்புக்கு எவ்வளவு இயல்பாக இடம் கொடுக்கிறது என்பதை உணர்வார்.

ஆனந்தபைரவி இன்னும் தெளிவானது. அதன் காந்தாரமும் சாதாரண காந்தாரமே. பெயரிலேயே ஆனந்தம் இருக்கிறது. நலங்கு, ஊஞ்சல், லாலி என்று கல்யாண வீட்டின் பாட்டுகளில் அது பரவலாகப் புழங்குகிறது. மணமக்களை ஊஞ்சலில் வைத்துப் பெண்கள் ஆனந்தபைரவியில் பாடும்போது அங்கே யாருக்கும் துயரம் எழுவதில்லை. ஏட்டளவில் அதே காந்தாரம்தான். சூழலும் நடையும் பழக்கமும் அதன் பொருளைத் தீர்மானித்துவிட்டன.

இன்னும் பின்னால் போனால் இதைவிட வியப்பான ஒன்று காத்திருக்கிறது. சங்க மரபில் ஐந்து திணைக்கும் ஐந்து யாழ், அதாவது ஐந்து பெரும்பண் உண்டு. அவற்றின் பாலைகளை இன்றைய மேளங்களோடு பொருத்தித் தமிழிசை ஆய்வாளர் பலர் ஏற்கும் ஒரு அடையாளம் இருக்கிறது. அதன்படி நெய்தலுக்கு விளரிப்பாலை, இன்றைய தோடி. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள்; விளரிப் பண்ணும் சங்கப் பாடல்களில் இரங்கலோடு வருவது. தோடியில் ரி, க, த, நி நான்கும் தாழ்ந்தவை. இதுவரை குரல் விளக்கம் சரியாகவே பொருந்துகிறது.

மற்ற திணைகளைப் பார்த்தால் அது கவிழ்ந்துவிடுகிறது. குறிஞ்சி யாழுக்குப் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. அது மேற்கத்தியரின் இயற்கை மைனர் சுரவரிசையேதான். குறிஞ்சியின் உரிப்பொருளோ புணர்தல். தலைவனும் தலைவியும் கூடும் களிப்பு. பாலை யாழுக்கு அரும்பாலை, அதாவது சங்கராபரணம். அது அப்படியே மேற்கத்தியரின் மேஜர். பாலையின் உரிப்பொருள் பிரிவு. கூடலுக்கு மைனர், பிரிவுக்கு மேஜர் என்று நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள்.

இந்த அடையாளங்கள் முழுதும் உறுதியானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையும் வேனிற்காதையும் அவற்றின் உரைகளும் தரும் குறிப்புகளிலிருந்து ஊகித்துக் கட்டியவை அவை. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917-இலும் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-இலும் வெளிவந்த பிறகு இந்த விவாதம் ஓய்ந்ததே இல்லை. நம் காதில் இன்று ஒலிக்கும் பண் அன்றும் இப்படியே ஒலித்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த மரபில் பண்ணின் உணர்ச்சி தனியே சுரத்தில் வைக்கப்படவில்லை. நிலம், பொழுது, உரிப்பொருள், பண் எல்லாம் ஒரு கட்டாக இருந்தன. செவ்வழி மாலைக்கு உரியது, மருதம் விடியலுக்கு உரியது என்று அறிந்தவனுக்கே அது அப்படி ஒலிக்கும். கற்றுக்கொள்வது என்பதை அதைவிட வெளிப்படையாகச் சொன்ன இசை மரபு அரிது.

ஒரே படத்தில் இரண்டு பாட்டு

நம் காலத்துக்கு வருவோம். 1988-இல் வந்த அக்னி நட்சத்திரம் படத்துக்கு இளையராஜா இசை. அதில் "நின்னுக்கோரி வரணம்" மோகனத்தில் அமைந்தது. "வா வா அன்பே அன்பே" சிவரஞ்சனியில் அமைந்தது. ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், இரண்டுமே காதல் பாட்டு. இரண்டுக்கும் சுர அளவில் உள்ள வேறுபாடு, கட்டுரையின் தொடக்கத்தில் ஆர்மோனியத்தில் மாற்றிய அந்த ஒரு காந்தாரமே. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே அமைத்தாற்போன்ற ஒப்பீடு இது.

"வா வா அன்பே" கேட்டுத் துயரப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதில் இருப்பது மென்மையும் நெருக்கமும், வேண்டுமானால் சற்று ஏக்கமும். மோகனப் பாட்டின் பளிச்சென்ற தன்மை அதில் இல்லை என்பது உண்மை. காந்தாரம் இறங்கியதால் வந்த நிறமாற்றம் அங்கேதான் தெரிகிறது. ஆனால் அந்த மாற்றம் பாட்டைச் சோகமாக்கவில்லை. தாளத்தின் நடை, குரல்களின் தொனி, சொற்கள், காட்சி எல்லாம் சேர்ந்து அந்தக் காந்தாரத்தைக் காதலின் பக்கம் இழுத்துவிட்டன. அதே சிவரஞ்சனியை மெதுவாக்கி, தனிப் புல்லாங்குழலிலோ வயலினிலோ மந்தர ஸ்தாயியில் இழுத்தால், நம் திரைப்படங்களில் எத்தனையோ மரணக் காட்சிகளின் பின்னணியாகிவிடும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. சாதாரண காந்தாரம் துயரத்துக்கு இடம் தருகிறது; அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதைத் துயரமாக்கும் வேலையை வேகமும் தாழ்ந்த குரலும் இறங்கும் போக்கும் செய்கின்றன. இவை இல்லாதபோது அதே காந்தாரம் வேறு எதுவாகவும் ஆகிறது.

வெளியார் காதுகள்

பழக்கத்தின் பங்கை அளக்கச் சிறந்த வழி, மேற்கத்திய இசையைக் கேட்டுப் பழகாதவர்களிடம் கேட்பது. கேமரூனின் மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களிடம் தாமஸ் ஃபிரிட்ஸ் குழுவினர் இதைச் செய்து 2009-இல் வெளியிட்டார்கள். மேற்கத்தியப் பியானோ இசையைக் கேட்ட அவர்கள் மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள். இந்த முடிவை இசை உலகப் பொதுமொழி என்பதற்குச் சான்றாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வின் உள்விவரம் நம் கேள்விக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. மைனரில் அமைந்த துணுக்குகள் சோகத்தைவிட அச்சத்தோடுதான் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. வேகமும் முடிவில் பெரும்பங்கு வகித்தது. உணர்ச்சியைப் பொதுவாகக் கண்டுகொள்வது வேறு, மைனரைச் சோகமாகக் கேட்பது வேறு.

2022-இல் பப்புவா நியூகினியின் உருவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எலின் ஸ்மிட் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பள்ளத்தாக்கின் வெவ்வேறு சமூகங்களுக்கு மேற்கத்திய வகை இசையோடு வெவ்வேறு அளவு பழக்கம் இருந்தது. மேஜர், மைனர் துணுக்குகளை இணையாகக் கேட்கவைத்து எது அதிக மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டார்கள். சிட்னியில் இருந்தவர்களிடம் மேஜரே மகிழ்ச்சி என்பது தெளிவாக இருந்தது. மேற்கத்திய இசையோடு மிகக் குறைந்த பழக்கம் உடையவர்களிடம் அப்படியொரு போக்கை உறுதியாகக் காண முடியவில்லை. வடமேற்குப் பாகிஸ்தானின் கோ, கலாஷ் மக்களிடம் 2021-இல் அத்தனாசோபுலோஸ் குழுவினர் கண்டதும் இதை ஒட்டியதே. வேகம், குரல் உயரம் போன்றவற்றை மாற்றாமல் வைத்தால் மேஜர், மைனர் வேறுபாட்டுக்கு அவர்களிடம் தனிப்பொருள் இல்லை. கரடுமுரடான, உரசும் கூட்டொலிகளுக்கு மட்டும் அவர்களும் மேற்கத்தியரும் ஒத்த வகையில் உணர்ச்சி கற்பித்தார்கள்.

குழந்தைகளிடமிருந்து வரும் சான்றும் உண்டு. 2001-இல் சிமோன் தல்லா பெல்லா குழுவினர் காட்டியபடி, மூன்று நான்கு வயதில் இசையின் மகிழ்ச்சியையும் சோகத்தையும் பிரிக்க இயலவில்லை. ஐந்து வயதில் வேகத்தை மட்டும் வைத்துப் பிரித்தார்கள். ஆறு வயது முதல்தான் மேஜர், மைனர் வேறுபாடும் கைகொடுத்தது. அதற்கு முன்னரே, 1990-இல், மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் ஓரளவு முடிகிறது என்று கேஸ்ட்னரும் கிரௌடரும் சொல்லியிருந்தார்கள். ஆகவே வயதைப் பற்றி முடிவான பேச்சு இல்லை. தாமதமாக வருவதாலேயே ஒன்று கற்றது என்றும் ஆகிவிடாது. கடைவாய்ப் பல்லும் தாமதமாகத்தான் முளைக்கிறது. ஆனாலும் வேகம் முன்னால், சுரவரிசை பின்னால் என்ற அந்த வரிசை, மற்றச் சான்றுகளோடு சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகிறது.

பரமத்தி வேலூரில் ஒரு காது

கற்றல் எப்படி நடக்கிறது என்பதை நம் ஊரை வைத்தே பார்க்கலாம். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த பரமத்தி வேலூரில் பிறக்கும் ஒரு குழந்தையின் காதுக்குள் என்னென்ன போகின்றன? கோயிலில் நாதசுரம். கபிலர்மலைத் தைப்பூசத்தில் காவடிச்சிந்து. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து. அண்ணன்மார் கதையின் உடுக்கையடிப் பாட்டு. துக்க வீட்டில் பறையும் ஒப்பாரியும். இவை எல்லாவற்றின் மேலும் ஒலிபெருக்கி வழியாகத் திரைப்பாட்டு.

துக்க வீட்டில் மைக்செட்காரர் போடும் பாட்டுகளைக் கவனித்தால் கற்றலின் வழி தெரியும். 1962-இல் வந்த பாத காணிக்கை படத்தின் "வீடு வரை உறவு" பாட்டை நம்மில் பலர் படத்தில் கேட்டதைவிடச் சாவு வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டதே அதிகம். தெரு முனையில் அந்த முதல் அடி காதில் விழுந்ததும், யார் வீட்டில் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ராகம் எது, காந்தாரம் எது என்ற எண்ணம் அங்கே இல்லை. சில பத்தாண்டுகளாக ஒரே வகைச் சூழலில் ஒலித்த ஒலி அந்தச் சூழலின் குறியாகிவிட்டது. இதே வழியில்தான் ஷெனாயும் தனி வயலினும் நீட்டிப் பிடித்த சிவரஞ்சனியும் திரையரங்கில் துயரத்தின் குறிகளாயின. ஷெனாய் வடக்கே கல்யாண வாத்தியம். தமிழ்ப் படங்களில் அதைச் சாவுக்கு வாசித்து வாசித்து, நமக்கு அதன் ஒலியே கண்ணீராகிவிட்டது. ஒரு வாத்தியத்துக்கு இது நடக்குமென்றால் ஒரு காந்தாரத்துக்கும் நடக்கும்.

ஒப்பாரியோ இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. ஒப்பாரி சொல்லும் பெண் எந்த இசைப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர். மார்பில் அடித்துக்கொண்டு, சில சுரங்களுக்குள்ளேயே சுற்றி, ஒவ்வொரு அடியையும் மேலிருந்து இறக்கி, முடிவில் விம்மலில் கரைப்பார். மூச்சை உள்ளிழுக்கும் சத்தம், குரல் உடையும் இடம், இழுத்த கடைசி உயிரொலி ஆகியவையே அதன் துயரத்தைச் சுமக்கின்றன. பிரேசில் பழங்குடியினரின் சடங்கு அழுகையை ஆராய்ந்த கிரெக் அர்பன் 1988-இல் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் தந்தார்: குரல் உடைதல், ஒலியோடு மூச்சிழுத்தல், கரகரப்பு, உச்சக் குரல் உயிரொலி. கடல் கடந்து, மொழி கடந்து பொதுவாக இருப்பது இதுதான். அந்தப் பட்டியலில் எந்த மூன்றாம் சுரமும் இல்லை.

தீர்ப்பு

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், உடலிலிருந்து வருவது அழுகையின் வடிவம். மெதுவான நடை, தாழ்ந்து இறங்கும் போக்கு, சுருங்கிய வீச்சு, உடையும் குரல் ஆகியவை எந்த ஊர்க் காதுக்கும் ஓரளவு புரியும். தாழ்ந்த காந்தாரம் இந்த வடிவத்துக்குச் சற்று இணக்கமானது. வீச்சைச் சுருக்குகிறது, சுயம்பு காந்தாரத்தோடு உரசுகிறது. அந்தச் சிறிய இணக்கத்தை எடுத்துக்கொண்டு அதைச் சோகத்தின் இலக்கணமாக வளர்த்தது ஐரோப்பியக் கூட்டொலி மரபு. அங்கு மேஜரும் மைனரும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டன. இரண்டே பெட்டி இருக்கும்போது உணர்ச்சியும் இரண்டாகப் பிரிவது எளிது. எழுபத்திரண்டு மேளங்களும் அவற்றின் ஜன்யங்களும் இருக்கும் நம் மரபில் ஒரு தனிச் சுரத்தால் உணர்ச்சியைத் தீர்மானிக்க வேண்டிய தேவை எழவில்லை. இராகம் முழுதுமாக, அதன் பிடிகளோடும் கமகத்தோடும் பழக்கத்தோடும் சேர்ந்தே பேசியது. இன்று நமக்கு மைனர் சோகமாகக் கேட்கிறது என்றால், அதில் பெரும்பங்கு சென்ற எழுபது எண்பது ஆண்டுகளில் திரையிசை வழியாக நாம் கற்றுக்கொண்டது என்பதே என் முடிவு.

இந்த முடிவை உறுதியாக்கவோ உடைக்கவோ வேண்டிய தரவு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையைப் பிரெண்டா பெக் 1960-களிலேயே ஒலிநாடாவில் பதிந்தார். அதில் படுகளத்தில் வீரர்கள் விழும் பகுதியும் உண்டு, பிறப்பைக் கொண்டாடும் பகுதியும் உண்டு. ஒரே பாடகர் இரண்டையும் எந்தச் சுரங்களில், எந்த வேகத்தில் பாடினார் என்று அளக்கலாம். ஒப்பாரியைச் சேகரிக்கிறவர்கள் இன்றும் பெரும்பாலும் சொற்களை மட்டும் எழுதி அச்சிடுகிறார்கள். மெட்டு ஏட்டில் ஏறுவதில்லை. நாமக்கல், சேலம் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் நாட்டார் பாடல் சேகரிக்கும் மாணவர்களிடமும் அவர்களின் நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பாடுபவரின் இசைவோடு ஒலியையும் பதியுங்கள். அவருடைய ஆதார சுருதி, முடிவு சுரம், வேகம், திரைப்பாட்டோடு அவருக்கிருந்த பழக்கம் ஆகிய நான்கையும் சொற்களோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.